ஈரத் தொட்டி விழாமல் இருக்க: கொக்கிக்கும் கைப்பிடி பிராக்கெட்டுக்கும் 12 குறிப்புகள்

மோகனூரில் தொட்டிச் செடிக்கு மண் தேடி யாரும் அலைவதில்லை. காவிரிக்கரையில் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் விளைகிற வண்டல் மண் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. செடிக்கு அது நல்ல மண். கொக்கிக்கோ அது பெரிய சுமை. வண்டல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், காய்ந்திருக்கும்போது ஒரு கையால் தூக்கிய தொட்டி, ஐப்பசி மழையில் நனைந்த பிறகு இரண்டு கைக்கும் கனக்கும். கடையில் கொக்கி வாங்கும்போது நம் மனதில் இருப்பது காய்ந்த தொட்டியின் எடை. மாடியில் தொங்கப்போவது நனைந்த தொட்டி. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காததால் பல தொட்டிகள் விழுகின்றன. மொட்டை மாடி, பால்கனி, தாழ்வாரம் எங்கே மாட்டுவதாக இருந்தாலும் கீழே உள்ள வரிசைப்படியே பார்த்துக்கொண்டு போங்கள்.

1. தண்ணீர் ஊற்றியபின் எடை போடுங்கள்

தொட்டியில் அடித்துளை வழியே வெளியேறும்வரை தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்றதும் நிறுத்துப் பாருங்கள். ஆள் நின்று எடை பார்க்கும் இயந்திரம் போதும். தொட்டியோடு ஒரு முறை, தொட்டி இல்லாமல் ஒரு முறை ஏறி நின்று கழித்துக்கொள்ளலாம்.

இயந்திரம் இல்லையென்றால் கொள்ளளவை வைத்துக் கணக்கிடலாம். வாய் 10 இஞ்ச் அகலமுள்ள சாதாரணத் தொட்டி சுமார் 8 லிட்டர் கொள்ளும். மேலே ஒரு இஞ்ச் இடம் விட்டு நிரப்பினால் 7 லிட்டர் மண். காய்ந்த வண்டல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோ என்று வைத்தால் 8.4 கிலோ. அதே மண் நன்றாக ஊறினால் லிட்டருக்கு 1.8 கிலோ வரை போகும், அதாவது 12.6 கிலோ. மண் தொட்டியென்றால் தொட்டியின் எடையே ஏறத்தாழ 3 கிலோ. ஆக, 15 கிலோவைத் தாண்டிவிடுகிறது. இந்த ஈர எடையைத் தொட்டியின் அடியில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த எண்தான் அடிப்படை.

2. தொங்கவிடும் தொட்டிக்கு வேறு மண் கலவை

தரையில் வைக்கும் தொட்டிக்குப் போடுகிற மண்ணை அப்படியே தொங்கும் தொட்டிக்குப் போடாதீர்கள். ஒரு பங்கு தோட்ட மண், ஒரு பங்கு மக்கிய எரு, இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு என்று கலந்தால், நனைந்த பிறகும் லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோவில் நிற்கும். மேலே சொன்ன 7 லிட்டர் தொட்டியில் இது 4 கிலோவுக்கு மேல் மிச்சம்.

நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதன்பிறகு கலக்குங்கள். சர்க்கரை ஆலையிலிருந்து வரும் பிரஸ்மட் உரம் கிடைத்தால், நன்றாக மக்கி ஆறியதை மட்டும் எருவின் பங்கில் சேர்க்கலாம். தொட்டியும் மண் தொட்டியாக இல்லாமல் பிளாஸ்டிக்காக இருந்தால் இன்னும் 2 கிலோவுக்கு மேல் குறையும்.

3. அடித்துளை அடைபட்டால் எடை ஏறும்

துளை அடைபட்ட தொட்டி மழையில் வாளியாக மாறிவிடும். மண் மட்டத்துக்கு மேலே ஒரு இஞ்ச் தண்ணீர் தேங்கினாலே 10 இஞ்ச் தொட்டியில் ஒரு கிலோவுக்கு மேல் கூடும். துளையின் மேல் உடைந்த ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கொஞ்சம் தேங்காய் நார் பரப்பி மண் போடுங்கள். வேர் துளையை அடைத்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை குச்சியால் குத்திப் பாருங்கள்.

தொங்கும் தொட்டியின் அடியில் தட்டு பொருத்தி விற்கிறார்கள். வீட்டுக்குள்ளே அது சரி. மழை படும் இடத்தில் தட்டைக் கழற்றிவிடுங்கள். கொசுவும் சேராது.

4. கொக்கி முதல் ஆணி வரை எல்லாமே நான்கு மடங்கு

தொட்டி, சங்கிலி, கொக்கி, சுவரில் இறங்கும் போல்ட், சுவர் என்று எடை வரிசையாக இறங்குகிறது. இதில் எது வலுவற்றதோ அதுதான் மொத்தத் தாங்குதிறன். 12 கிலோ ஈர எடைக்கு, பாக்கெட்டில் 50 கிலோ தாங்கும் என்று குறித்த பொருளாக வாங்குங்கள். காற்றில் ஆட்டம், யாராவது பிடித்து இழுப்பது, வருடக்கணக்கில் ஏறும் துரு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்த நான்கு மடங்கு.

வாய் திறந்த எஸ் கொக்கியை வெளியில் பயன்படுத்தாதீர்கள். அது முறிவதற்கு முன்பே வாய் விரியும். விரியாவிட்டாலும் பலத்த காற்றில் தொட்டி ஒரு முறை மேலே எம்பினால் கழன்றுவிடும். திருகி மூடும் கொக்கியோ டி ஷாக்கிளோ போடுங்கள். லாரி பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த நாமக்கல்லில் டி ஷாக்கிள், யூ போல்ட், தானாகத் தளராத லாக் நட் எல்லாம் உதிரிபாகக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் பழைய, தேய்ந்த பொருளை வாங்காதீர்கள்.

5. துளையிடும்போது விழும் தூளைப் பாருங்கள்

சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை டிரில் தூளே சொல்லிவிடும். முதல் அரை இஞ்சுக்கு வெளிறிய, மென்மையான தூள் வந்தால் அது பூச்சு. பூச்சுக்கு எந்தத் தாங்குதிறனும் கிடையாது. அதன்பின் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூளோடு டிரில் முன்னேறவே சிரமப்பட்டு, ஹேமர் போட்டால்தான் இறங்குகிறது என்றால் கான்கிரீட்.

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு குழப்பம் உண்டு. மேட்டூர் அனல் மின்நிலையச் சாம்பலில் செய்த சாம்பல் கற்களால் கட்டிய வீடுகள் இங்கே நிறைய. அதிலும் சாம்பல் நிறத் தூள்தான் வரும். ஆனால் டிரில் சுலபமாக இறங்கும். அதைக் கான்கிரீட் என்று நம்பி ஏமாறாதீர்கள். பாதியில் டிரில் திடீரென்று வெற்றிடத்தில் பாய்ந்தால் அது ஹாலோ பிளாக். அதில் சாதாரண பிளக் நிற்காது. சுவரின் மறுபுறம் வரை துளையிட்டு, பின்னால் இரும்புத் தகடு வைத்து நட்டு போட்டு முடுக்க வேண்டும்.

செங்கல் சுவரென்றால் கல்லின் நடுவில் துளையிடுங்கள். இரண்டு கல்லுக்கு இடையேயான சாந்தில் இட்டால், முடுக்கும்போதே சாந்து உதிர்ந்து போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும்.

6. மேல்தளத்தில் பிளாஸ்டிக் பிளக் வேண்டாம்

சுவரில் படம் மாட்டும் பிளாஸ்டிக் பிளக்கை மேல்தளத்தில் அடித்துத் தொட்டியைத் தொங்கவிடக் கூடாது. சுவரில் எடை ஆணியைக் குறுக்கே அழுத்துகிறது. மேல்தளத்திலோ எடை ஆணியை நேராக வெளியே இழுக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் தளர்ந்தால் அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். மேல்தளத்துக்கு விரியும் உலோக ஆங்கர் ஃபாஸ்டனரோடு கூடிய கொக்கிதான் சரி. வீட்டுத் தொட்டிக்கு 8 மி.மீ. போல்ட் உள்ளது போதும்.

செய்முறை இது. பாக்கெட்டில் குறித்த அளவு டிரில் பிட்டையே பயன்படுத்துங்கள். ஒரு அளவு பெரிதானாலும் ஃபாஸ்டனர் பிடிக்காது. குறித்த ஆழத்தோடு பூச்சின் கனத்தையும் சேர்த்துத் துளையிடுங்கள். கண்ணாடி அணிந்துகொண்டு, சைக்கிள் பம்ப்பால் துளைக்குள் காற்றடித்துத் தூள் முழுவதையும் வெளியேற்றுங்கள். தூள் இருந்தால் ஃபாஸ்டனர் கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூளைப் பிடிக்கும். பிறகு ஃபாஸ்டனரைத் தட்டி இறக்கி, ஸ்பேனரால் இறுகும்வரை முடுக்குங்கள். எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அந்தத் துளையைக் கைவிட்டு, வேறு இடம் பாருங்கள்.

மின்விசிறிக் கொக்கிக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் இடையேயான நேர்கோட்டில் துளையிடாதீர்கள். தளத்துக்குள் ஒயர் குழாய் அந்த வழியாகப் போயிருக்கலாம். தளத்தின் ஓரத்திலிருந்து குறைந்தது 10 செ.மீ. உள்ளே தள்ளி இடுங்கள். ஜன்னல் மேலுள்ள சன்ஷேடின் நுனியில் எதையும் தொங்கவிட வேண்டாம். நுனி மெல்லியது, வெயிலும் மழையும் தடுக்கத்தான் அது கட்டப்பட்டது. பால்ஸ் சீலிங்கும் பிவிசி பலகையும் தொட்டியைத் தாங்காது.

7. ஓட்டு வீட்டில் துளையிடாமல் சுற்றிக் கட்டுங்கள்

ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டி தொங்கவேண்டியது பனங்கையில் அல்லது விட்டத்தில். ஓடு தாங்கும் குறுக்குச் சட்டத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள். பழைய மரத்தில் கொக்கியைத் திருகி இறக்கினால் நாரோடு பிளந்து, கொஞ்ச நாளில் தளரும். அதைவிட மரத்தைச் சுற்றி ஒரு இரும்புப் பட்டைக் கவ்வியைப் போட்டு, அதில் ஷாக்கிள் மாட்டுவது நல்லது. கவ்விக்கும் மரத்துக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு வையுங்கள்.

அதற்கு முன் கத்தி நுனியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினாலோ, கீழே மாவு போலத் தூள் கொட்டியிருந்தாலோ அங்கே கரையானோ வண்டோ இருக்கிறது. அந்த மரத்தில் எதையும் தொங்கவிடக் கூடாது.

8. சுவர் பிராக்கெட்டில் கை நீளமா, முதுகு நீளமா என்று பாருங்கள்

சுவரில் அடிக்கும் பிராக்கெட்டில் தொட்டி தொங்கும் கை ஒன்று, சுவரோடு ஒட்டும் முதுகுப் பட்டை ஒன்று. கை நீளமாகவும் முதுகு குட்டையாகவும் இருந்தால், கடப்பாரையால் நெம்புவதுபோலத் தொட்டி மேல் போல்ட்டை வெளியே பிடுங்கும்.

கணக்கு எளிது. ஈர எடை 12 கிலோ, சுவரிலிருந்து தொட்டி தொங்கும் தூரம் 30 செ.மீ., மேல் போல்ட்டிலிருந்து பட்டையின் அடிமுனை வரை 15 செ.மீ. என்றால், மேல் போல்ட்டை வெளியே இழுக்கும் விசை 12 × 30 ÷ 15, அதாவது 24 கிலோ. தொட்டியைப் போல் இரண்டு மடங்கு. முதுகு 30 செ.மீ. இருந்தால் இழுப்பு 12 கிலோதான். ஆகவே முதுகுப் பட்டை கையின் நீளத்துக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். கைக்குக் கீழே சாய்வான முட்டுக் கம்பி இருக்கும்படி மாட்டுங்கள். இரண்டு துளைதான் இருக்கிறதென்றால் நல்ல ஃபாஸ்டனர் மேல் துளைக்கு.

9. எவர்சில்வர் கைப்பிடியைக் குலுக்கிப் பார்த்தபிறகு மாட்டுங்கள்

பால்கனிக் கைப்பிடியில் பிராக்கெட் வலுவாக இருந்தால் மட்டும் போதாது. குழாயைத் தாங்கும் தூண்கள் தரையில் எப்படி நிற்கின்றன என்பதைப் பாருங்கள். பல வீடுகளில் தூணின் அடித்தகடு டைல்ஸ் மேல் சிறிய திருகுகளில்தான் நிற்கிறது. அழகுக்கு மூடிய கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். கைப்பிடியின் நடுவைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். தூணின் அடி நகர்ந்தாலோ, டைல்ஸில் கீறல் இருந்தாலோ, முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அதுவரை தொட்டி மாட்டக் கூடாது. அந்தக் கைப்பிடி பிள்ளைகள் சாய்ந்து நிற்கும் இடமும்கூட.

பிராக்கெட்டைக் குழாயில் வெறுமனே கொக்கிபோல் மாட்டினால் போதாது. யூ போல்ட்டும் லாக் நட்டும் போட்டு இறுக்கி, நடுவில் ரப்பர் வையுங்கள். குழாயில் துளை போடாதீர்கள். சுவர் கனம் குறைந்த குழாய், துளையிட்ட இடத்தில் வலுவிழக்கும். உள்ளே மழைநீரும் இறங்கும். ஒரே இரண்டு தூணுக்கு நடுவில் எல்லாத் தொட்டியையும் மாட்டாமல், ஒவ்வொன்றையும் தூணை ஒட்டி மாட்டுங்கள்.

தொட்டி எப்போதும் பால்கனியின் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். தெருப்பக்கம் தொங்கினால், விழுந்தால் கீழே போகிறவர் தலையில். வீட்டில் ஏறி விளையாடும் வயதுக் குழந்தை இருந்தால் உள்பக்கமும் வேண்டாம். குழந்தைக்கு அது கைப்பிடியைத் தாண்ட உதவும் படியாகிவிடும். பக்கச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

10. கைப்பிடிச் சுவருக்குப் பட்டறையில் செய்த பிராக்கெட்

இங்கே பல வீட்டு மாடிகளில் குழாய்க் கைப்பிடி கிடையாது. நாலரை இஞ்ச் செங்கல் சுவர்தான். இருபுறப் பூச்சோடு அது ஏறக்குறைய 14 செ.மீ. கனம் வரும். குழாய்க்கென்று விற்கும் ரெடிமேட் பிராக்கெட் இதில் உட்காராது. சுவரை மேலிருந்து கவ்வும் பிராக்கெட்டை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். சுவரில் துளையே தேவையில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 24 இஞ்ச் நீளம், 7 இஞ்ச் அகலம், 6 இஞ்ச் உயரமுள்ள நீளத் தொட்டி. ஒரு இஞ்ச் விட்டு நிரப்பினால் சுமார் 13.5 லிட்டர் மண். வெறும் வண்டல் நனைந்தால் 24 கிலோ, தொட்டி, செடி 3 கிலோ, மொத்தம் 27. இரண்டு பிராக்கெட் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 13 கிலோவுக்கு மேல். அந்த எடை சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி அழுத்துகிறது. 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள பட்டையில் செய்தால் கை மடங்கும் இடத்தில் இரும்பு தாங்கும் வரம்பைத் தாண்டி வளைந்துவிடும். அதே அகலத்தில் 6 மி.மீ. பட்டையென்றால் வரம்பில் பாதிக்கும் குறைவான அழுத்தம்தான் வரும். கனம் இரண்டு மடங்கானால் வளையாமல் தாங்கும் திறன் நான்கு மடங்காகும் என்பதுதான் காரணம். பட்டறையில் 25 × 6 பட்டை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கைக்குக் கீழே ஒரு முட்டும் கேளுங்கள்.

சுவருக்கு வெளிப்பக்கம் இறங்கும் கால் குறைந்தது 10 செ.மீ. இருக்கட்டும். உள்பக்கக் கால் அதைவிட நீளமாக இறங்கிச் சுவரில் சாயட்டும். தொட்டி முன்னால் நழுவாமல் கையின் நுனி 5 செ.மீ. மேலே மடங்கியிருக்க வேண்டும். பத்த வைத்த இடத்தில் கசடைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஓட்டையோ விரிசலோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். ரெட் ஆக்சைடு ஒரு கோட், அதன்மேல் எனாமல் இரண்டு கோட் அடித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டும் முன் சுவரையும் சோதியுங்கள். உச்சியில் நீளவாக்கில் கீறல் ஓடினாலோ, தள்ளினால் அசைந்தாலோ அந்தச் சுவர் எடை தாங்கும் நிலையில் இல்லை.

11. செடிக்கு முன் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் நிறைந்திருந்தால் 20 கிலோவுக்குச் சற்றே மேல். எடைக்கல் இல்லாமல் சோதிக்க இதைவிட வசதி கிடையாது. தொட்டியின் ஈர எடையைப்போல் இரண்டு மடங்கைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். 10 கிலோ தொட்டிக்கு ஒரு முழு கேன். அதற்கு மேற்பட்டதற்கு மணல் நிரப்பிய சாக்கை நிறுத்துப் பயன்படுத்தலாம்.

கேனைக் கழுத்தோடு நல்ல கயிற்றில் கட்டி, அதன் அடி தரைக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி தொங்கவிடுங்கள். அப்போது அறுந்தாலும் சேதமில்லை. முன்னதாகக் கொக்கியின் அடித்தகட்டைச் சுற்றிச் சுவரில் பென்சில் கோடு போடுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டு மறுநாள் பாருங்கள். கோட்டிலிருந்து தகடு நகர்ந்திருந்தாலோ, இடைவெளி தெரிந்தாலோ, பூச்சில் மெல்லிய கீறல் கிளம்பியிருந்தாலோ அந்த இடம் தேறவில்லை. கோட்டை அழிக்காதீர்கள், பிறகும் உதவும்.

12. வருடத்தில் மூன்று முறை கீழே இறக்கிப் பாருங்கள்

சித்திரையில் கோடை மழைக்கு முன் ஒரு முறை. அப்போதைய மாலைக் காற்று சொல்லாமல் வந்து சுழற்றும். ஆடிக் காற்றுக்கு முன் ஒரு முறை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் தொங்கும் தொட்டியை இறக்கித் தரையில் வைத்துவிடுவதே நல்லது.

பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, சங்கிலி வளையம் கொக்கியில் உரசும் இடம். ஆடி ஆடி அங்கே பள்ளம் விழும். கம்பியின் கனத்தில் கால்வாசி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டாவது, துரு. மேலே பழுப்பேறினால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கலாம். சுத்தியால் தட்டும்போது செதிள் செதிளாகப் பெயர்ந்தால் அந்த இரும்பு போய்விட்டது. தொட்டி உட்காரும் அடிப்பகுதியிலும் பத்த வைத்த மூலையிலும்தான் இது முதலில் வரும். மூன்றாவது, பென்சில் கோடு. அதிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் முதல் வேலை தொட்டியை இறக்குவது. தளர்ந்த போல்ட்டை அதே துளையில் மறுபடி முடுக்கிச் சமாளிக்காதீர்கள். சிமென்ட் வைத்து அடைத்து அதிலேயே திரும்ப அடிக்கவும் வேண்டாம். பழைய துளையிலிருந்து குறைந்தது 10 செ.மீ. தள்ளிப் புதிய துளையிட்டு, புதிய ஃபாஸ்டனர் போட்டு, கேனைத் தொங்கவிட்டு மறுபடி சோதித்தபிறகே தொட்டியை மாட்டுங்கள்.